ஃபுட் பாட் காலிபரேஷன்: டிராக்கில் ஒரு சுற்று ஓடினால் போதாது

ஷூ லேஸில் மாட்டும் சிறிய சென்சாரான ஃபுட் பாட் தூரத்தை நேராக அளப்பதில்லை. கால் எப்படி அசைகிறது, எவ்வளவு நேரம் தரையில் நிற்கிறது என்பதை வைத்து ஒவ்வொரு அடியின் நீளத்தையும் அது கணிக்கிறது. அந்தக் கணிப்பை ஒரு எண்ணால் பெருக்கித்தான் வாட்ச் நமக்குத் தூரமாகக் காட்டுகிறது. அதுதான் காலிபரேஷன் எண். புதிதாக வாங்கும்போது அது 100.0 என்றோ, சில வாட்சுகளில் 1.000 என்றோ இருக்கும். உங்கள் ஓட்டம் அந்தக் கணிப்பிலிருந்து 3 சதவீதம் விலகியிருந்தால், கிலோமீட்டருக்கு 5:30 பேஸில் ஓடும்போது 10 நொடி தவறாகத் தெரியும். பேஸ் பார்த்துப் பயிற்சி செய்பவருக்கு அது பெரிய தவறு.

டிராக்குக்குப் போவதற்கு முன் வாட்ச் செட்டிங்கைப் பாருங்கள். பேஸ், தூரம் இரண்டும் ஃபுட் பாடிலிருந்துதான் வர வேண்டும். ஜிபிஎஸ்ஸை வைத்துத் தானே திருத்திக்கொள்ளும் ஆட்டோ காலிபரேஷன் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் போட்ட எண்ணை அது சத்தமில்லாமல் மாற்றிவிடும். ஆட்டோ பாஸ், ஆட்டோ லேப் இரண்டும் வேண்டாம். பாட் இணையாதபோது பல வாட்சுகள் மணிக்கட்டின் அசைவை வைத்தே தூரம் கணக்கிடும், திரையைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. நின்ற இடத்திலேயே நின்று கையை மட்டும் ஓடுவதுபோல வீசிப் பாருங்கள். பேஸ் காட்டினால் அது பாடின் கணக்கு இல்லை.

அடுத்தது ஓடும் கோடு. 400 மீட்டர் டிராக் என்றால் எங்கே ஓடினாலும் 400 இல்லை. உள்பக்கம் உயர்ந்த விளிம்பு இருக்கும் டிராக்கில், முதல் லேனின் 400 மீட்டர் அந்த விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளக்கப்பட்டது. லேனின் அகலம் 1.22 மீட்டர். அதன் நடுவில் ஓடினால் விளிம்பிலிருந்து 61 செ.மீ. தள்ளி ஓடுகிறீர்கள், சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் கூடும். ஐந்து சுற்றில் 10 மீட்டர், அதாவது அரை சதவீதம். இரண்டாவது லேனில் ஒரு சுற்று 407.04 மீட்டர், மூன்றாவதில் 414.70. முதல் லேனில் கூட்டம் இருந்தால் வேறு லேனில் ஓடலாம், தப்பில்லை. ஆனால் அந்த லேனின் தூரத்தையே கணக்கில் எடுங்கள், இடையில் லேன் மாறாதீர்கள். நேர்ப் பகுதியில் கொஞ்சம் விலகினால் ஒன்றும் ஆகாது. வளைவில்தான் தூரம் கூடுகிறது, கவனமும் அங்கேதான் வேண்டும்.

பலரும் ஒரு சுற்று ஓடி, வாட்ச் காட்டியதை 400-உடன் ஒப்பிட்டு எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். திரை 0.01 கிலோமீட்டர் வரைதான் காட்டும். 0.39 என்பதற்கும் 0.40 என்பதற்கும் நடுவில் 10 மீட்டர். ஒரு சுற்றில் அது 2.5 சதவீதம், அதாவது நீங்கள் திருத்த வந்த தவறின் அளவே. அதே 10 மீட்டர் 2000 மீட்டரில் அரை சதவீதம்தான். ஆகவே குறைந்தது ஐந்து சுற்று ஓடுங்கள், முடிந்தால் பத்து. ஓட்டம் முடிந்தபின் பதிவில் லேப் தூரம் மீட்டர் கணக்கில் கிடைத்தால், திரையை விட அதையே நம்பலாம்.

பத்து நிமிடம் உடலைச் சூடாக்கிய பிறகு, வாட்சை நிறுத்தாமல், சீரான வேகத்தில் கோட்டை நெருங்குங்கள். கோட்டைக் கடக்கும் கணத்தில் லேப் பொத்தானை அழுத்துங்கள், ஐந்து சுற்று முடித்து அதே கோட்டில் மறுபடி அழுத்துங்கள். நின்ற நிலையிலிருந்து தொடங்கினால், வேகம் பிடிக்கும் அந்த முதல் சில அடிகளும் கணக்கில் சேர்ந்துவிடும்.

முதல் லேனில் 5:30 பேஸில் ஐந்து சுற்று, வாட்ச் 1.94 கி.மீ. காட்டியது என்று வைத்துக்கொள்வோம்.

```
புதிய எண் = பழைய எண் × உண்மைத் தூரம் ÷ வாட்ச் காட்டிய தூரம்
100.0 × 2000 ÷ 1940 = 103.1
```

103.1 போட்டுவிட்டு இன்னொரு நாள் சோதிக்கும்போது 2.01 காட்டுகிறது. இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். 2000 ÷ 2010 என்று வகுத்து, அதை 100-ஆல் பெருக்கி 99.5 என்று போட்டுவிடுவார்கள். அப்புறம் தூரம் முன்பைவிடக் குறைவாகக் காட்டும், பாட் கெட்டுப்போனது என்று நினைப்பார்கள். பெருக்க வேண்டியது இப்போது வாட்சில் இருக்கும் எண்ணால்: 103.1 × 2000 ÷ 2010 = 102.6. எண்ணை மாற்றும் ஒவ்வொரு முறையும் தேதியோடு குறித்து வையுங்கள். பேட்டரி மாற்றிய பின்போ வாட்சை ரீசெட் செய்த பின்போ பாடை மறுபடி இணைக்கும்போது எண் 100.0-க்குத் திரும்பியிருக்கலாம், உடனே பாருங்கள்.

நீண்ட நாள் பயன்பாட்டில் தெரியவருவது இன்னொன்று: ஒரே எண் எல்லா வேகத்துக்கும் பொருந்தாது. வேகம் மாறினால் கால் தரையில் படும் விதம் மாறுகிறது, பாடின் கணிப்பும் அதோடு நகர்கிறது. ஆகவே 100.0-இல் வைத்தே மூன்று வேகங்களில் தலா ஐந்து சுற்று ஓடிப் பாருங்கள். மேலே சொன்ன அதே ஓட்டக்காரருக்கு 6:30-இல் 1.93, 5:30-இல் 1.94, 4:30-இல் 1.98 வந்தது என்றால், தேவைப்படும் எண்கள் முறையே 103.6, 103.1, 101.0. வாட்சோ ஒரே எண்ணைத்தான் ஏற்கும். 103.1 வைத்தால் மெதுவான ஓட்டத்தில் 6:30 என்பது 6:32 ஆகத் தெரியும், அதை மறந்துவிடலாம். ஆனால் உண்மையில் 4:30-இல் ஓடும்போது திரை 4:25 என்று சொல்லும். இலக்கு 4:30 என்றால், திரையைப் பார்த்து ஓடுகிறவர் தன்னை அறியாமல் மெதுவாக ஓடிவிடுவார்.

மூன்று எண்ணுக்கும் சராசரி எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, அது எந்த வேகத்துக்கும் முழுதாகப் பொருந்தாது. பேஸ் துல்லியம் எந்தப் பயிற்சியில் உங்களுக்கு உண்மையிலேயே தேவையோ, அந்த வேகத்தின் எண்ணை வையுங்கள். மற்ற வேகத்தில் எத்தனை நொடி தள்ளி வரும் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

எண் சரியாக இருந்தும் தூரம் வாரத்துக்கு வாரம் ஆடினால், முதலில் பாட் மாட்டிய இடத்தைப் பாருங்கள். கிளிப் ஒரே ஒரு லேஸில் தொங்கினால் ஒவ்வோர் அடிக்கும் அது குலுங்கும், அந்தக் குலுக்கலும் கால் அசைவாகவே பதிவாகும். விரலால் தள்ளிப் பார்த்தால் நகரக் கூடாது. குறைந்தது இரண்டு லேஸ் வரிசைகளில் இறுக்கமாக உட்கார வேண்டும். ஒரு வரிசை மேலே கீழே மாறினாலே பாடின் சாய்வு மாறும் என்பதால், எந்த லேஸ் வரிசை என்பதை எண்ணோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஷூ மாற்றினால் பழைய எண்ணை நம்பாமல் ஐந்து சுற்று ஓடிப் பாருங்கள். இரண்டு ஷூ மாறி மாறிப் போடுபவர்கள் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வைத்திருப்பது நல்லது. தூரம் ஆடாமல், ஓட்டத்தின் நடுவே சில நொடிகள் பேஸ் கோடு கோடாகத் தெரிகிறதென்றால் அது காலிபரேஷன் பிரச்சினை இல்லை, இணைப்பு விட்டுவிட்டு வருகிறது. எண்ணைத் தொடாமல் முதலில் பாடின் பேட்டரியை மாற்றுங்கள்.