மின்னஞ்சல் முகவரி மட்டும் இருக்கும் வரி விளம்பரமா? முதல் மடலில் நான் செய்த தவறைச் செய்யாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் வரி விளம்பரப் பக்கத்தில் மூன்றே வரிகள்: கணக்காளர் தேவை, டேலி தெரிந்திருக்க வேண்டும், கீழே ஒரு ஜிமெயில் முகவரி. நிறுவனத்தின் பெயர் இல்லை, ஊர் இல்லை, என்ன அனுப்ப வேண்டும் என்ற குறிப்பும் இல்லை. எதைக் கேட்பார்களோ என்று நானே யோசித்து எல்லாவற்றையும் அனுப்பிவைத்தேன். சுயவிவரம், பட்டச் சான்றிதழ், ஆதார், பான் அட்டை, வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம். மடலில் எழுதியதோ ஒரே வரி: 'தங்கள் விளம்பரம் பார்த்தேன், இணைப்பைப் பார்க்கவும்.'

இருபது நிமிடத்தில் பதில் வந்தது. நான் தேர்வாகிவிட்டேனாம். சரிபார்ப்புக் கட்டணம் 1,850 ரூபாய், முதல் சம்பளத்தோடு திரும்பக் கிடைக்குமாம். கட்டினேன். பிறகு வந்த நியமனக் கடிதத்தில் 'டேட்டா என்ட்ரி' என்று இருந்தது. எந்த விளம்பரத்துக்கு எழுதினேன் என்று நான் சொல்லவே இல்லை; அவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை! அப்போதுதான் உறைத்தது. சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைத்துப் புகார் பதிவு செய்தேன், ஆனால் பணம் கட்டி நான்கு நாள் ஆகியிருந்தது. அந்தப் பணம் வரவே இல்லை. என் கவலை அதைவிட அந்த ஆதார், பான் நகல்களைப் பற்றித்தான். என் பெயரில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்று இப்போதும் கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது நான் அனுப்பும் முதல் மடல் இவ்வளவுதான். தலைப்பில் நாளிதழின் பெயர், பதிப்பு, தேதி, வேலை. உள்ளே:

'கணக்காளர் வேலைக்கான உங்கள் விளம்பரம் பார்த்தேன். பி.காம். படித்திருக்கிறேன், டேலியில் ஆறு ஆண்டு அனுபவம், ஜிஎஸ்டி கணக்கும் தாக்கல் செய்வேன். நிறுவனத்தின் பெயரும் வேலை நடக்கும் இடமும் தெரிவித்தால் சுயவிவரம் அனுப்புகிறேன்.'

இணைப்பு எதுவும் கிடையாது. உண்மையிலேயே ஆள் தேடுபவருக்கு இந்த இரண்டு கேள்விகளும் சிரமமே இல்லை. பெயர் வந்ததும் முகவரியையும் ஜிஎஸ்டி எண்ணையும் கேட்டு, ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைத் தேடினால் பதிவான பெயர் தெரிந்துவிடும். ஆதார் நகலை, வேலை உறுதியான பிறகு அவர்கள் கேட்டால் கொடுத்தால் போதும். அப்போதும் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை முதலில் கொடுத்துப் பாருங்கள். (விளம்பரத்தில் மின்னஞ்சல் முகவரி வரி முடிவில் உடைந்து அச்சாகியிருந்தால், நடுவிலுள்ள சிறு கோடு முகவரியைச் சேர்ந்ததா, அச்சுக்காகப் போட்டதா என்றும் பாருங்கள். என் தோழியின் மடல் ஒருமுறை அதனாலேயே திரும்பி வந்தது.)

சென்ற மாதம் அதே ஜிமெயில் முகவரி, 'மேற்பார்வையாளர் தேவை' என்று மறுபடி அச்சாகியிருந்தது. தோழியின் கணக்கிலிருந்து இதே மாதிரி ஒரு மடல் அனுப்பினோம், நிறுவனத்தின் பெயர் கேட்டு. பதில் அன்றே வந்தது: 'மேடம், உங்கள் வேலை உறுதி. 1,850 கட்டவும்.'