தீபாவளித் தள்ளுபடிக்குப் பின் அனுப்பும் மின்னஞ்சல்: ஒன்றாகவா, இரண்டாகவா?

உடன்குடிக் கருப்பட்டியைத் தமது சொந்த இணையக் கடையில் விற்கும் நெல்லைச் சீமை வணிகர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தீபாவளித் தள்ளுபடியில் அவருக்கு 300 ஆர்டர்கள் வந்தன என்றும், வாங்கியவர்களில் பாதிப் பேர் சென்னையிலும் பெங்களூரிலும் குடியேறிய நம் ஊர்க்காரர்கள், மீதிப் பேர் கருப்பட்டியை முதன்முறையாக வாங்குபவர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். இவர்களிடமிருந்து அவருக்கு இரண்டு காரியங்கள் ஆகவேண்டும். பொருளைப் பற்றி நாலு வரி மதிப்புரை எழுத வேண்டும். தள்ளுபடி இல்லாத நாளிலும் மறுபடி வாங்க வேண்டும். இதற்கு வணிகர்கள் மூன்று வழிகளைக் கையாளுகிறார்கள். மதிப்புரை எழுதினால் கூப்பன் தருவது ஒரு வழி. இரண்டு வேண்டுகோளையும் ஒரே மடலில் வைப்பது இன்னொரு வழி. மதிப்புரைக்கு ஒரு மடல், அடுத்த கொள்முதலுக்கு வேறொரு மடல் என்று பிரித்து அனுப்புவது மூன்றாவது.

முதல் வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். பணம், தள்ளுபடி, இலவசப் பொருள் ஆகிய எதற்குக் கைமாறாகவும் தன் தளத்தில் மதிப்புரை பெறுவதை கூகுள் தன் விதிகளில் தடை செய்திருக்கிறது. இணைய மதிப்புரைகளுக்காக இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் வெளியிட்ட ஐ.எஸ். 19000 என்ற தரநிலையும், விலை கொடுத்து வாங்கிய மதிப்புரைகளை ஏற்பதில்லை. விதி ஒருபுறமிருக்க, கூப்பனுக்காக எழுதுபவர் ‘அருமை’, ‘சூப்பர்’ என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துக்கொள்வார். கருப்பட்டியில் சீனிப்பாகு கலந்திருக்குமோ என்று தயங்கி நிற்கும் புதியவருக்கு அந்தச் சொல்லால் ஒரு பயனும் இல்லை. ‘காபியில் போட்டேன், அடியில் மண் தங்கவில்லை’ என்று ஒருவர் எழுதினால்தான் அவருக்குத் துணிவு வரும்.

இரண்டாவது வழிக்கு ஒரு நியாயம் உண்டு. வாடிக்கையாளரின் அஞ்சல் பெட்டியைத் தீபாவளி வாரத்தில் எல்லாக் கடைக்காரர்களும் நிரப்பியிருப்பார்கள். அந்த நெரிசலில் ஒரே ஒரு மடல் அனுப்புவது மரியாதையாகவும் இருக்கிறது, வேலையும் குறைகிறது. ஆனால் மேலே மதிப்புரைப் பொத்தானும் கீழே பதினைந்து சதவீதத் தள்ளுபடியும் உள்ள மடலைத் திறப்பவர் தள்ளுபடியைத்தான் பார்ப்பார். மதிப்புரை அப்படியே நின்றுவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், இரண்டு வேண்டுகோளுக்கும் உரிய நாள் ஒன்றல்ல என்பது. பொருள் கைக்கு வந்த நான்கு, ஐந்து நாளில் சுவையைப் பற்றிச் சொல்ல முடியும். ஒரு கிலோ கருப்பட்டி தீர்வதற்கோ காபிக்கு மட்டும் பயன்படுத்தும் வீட்டில் மூன்று, நான்கு வாரம் ஆகும். டப்பா நிறைந்திருக்கும்போது வரும் தள்ளுபடியை யாரும் எடுத்து வைத்துக்கொள்வதில்லை.

ஆகவே மூன்றாவது வழியே பொருத்தமானது என்பது என் முடிவு. முதல் மடலின் நாளை, பார்சலை அனுப்பிய தேதியிலிருந்து கணக்கிடாமல், அது வீடு சேர்ந்த தேதியிலிருந்து கணக்கிட வேண்டும். பண்டிகை நேரத்தில் கூரியர் தாமதமாகி, பொருள் வராதவரிடம் ‘எப்படி இருந்தது’ என்று கேட்பதைவிட அவரை எரிச்சலூட்டுவது வேறில்லை. அந்த மடல் இவ்வளவு சிறியதாக இருந்தால் போதும்:

“வணக்கம். தாங்கள் வாங்கிய கருப்பட்டி நல்லபடியாக வந்து சேர்ந்ததா? மழைக்காலம் என்பதால் காற்றுப் புகாத டப்பாவில் வைக்கவும். வெளியே வைத்தால் இளகிவிடும். காபிக்கோ பணியாரத்துக்கோ பயன்படுத்தியிருந்தால், சுவையும் கரையும் விதமும் எப்படி இருந்தன என்று இந்த இணைப்பில் இரண்டு வரி எழுதுங்கள். குறை ஏதும் இருந்தால் இந்த மடலுக்கே பதில் அனுப்புங்கள், மாற்றித் தருகிறோம்.”

இதில் இளகுவதைப் பற்றிய வரி உபசாரத்துக்காகச் சேர்த்ததல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரத்தில் கருப்பட்டி கசிவது இயல்பு. அதை அறியாத வெளியூர்க்காரர் கெட்டுப்போன சரக்கு என்று ஒரு நட்சத்திரம் கொடுத்துவிடுவார். குறையைத் தெரிவிக்கும் வழியும் மதிப்புரை இணைப்பும் எல்லாருக்கும் ஒன்றுபோலச் செல்ல வேண்டும் என்பதையும் கவனிக்க வேண்டும். முதலில் ‘திருப்தியா’ என்று கேட்டு, ஆம் என்றவருக்கு மட்டும் இணைப்பைக் காட்டுவதைச் சிலர் சாமர்த்தியமாகக் கருதுகிறார்கள். அதுவும் கூகுள் விதிப்படி தவறே. இன்னொன்று, பணம் கட்டியவரின் முகவரியும் பொருள் போன முகவரியும் வேறாக இருந்தால் அது பெரும்பாலும் பரிசாக அனுப்பப்பட்டது. வாங்கியவர் ருசி பார்த்திருக்க மாட்டார். அவரிடம் பேக்கிங்கும் வந்து சேர்ந்த நேரமும் எப்படி என்று மட்டும் கேட்கலாம்.

இரண்டாவது மடலின் நாளைத் திருக்கார்த்திகையே தீர்மானித்துவிடுகிறது. அன்று நெல்லைப் பக்கத்து வீடுகளில் பச்சரிசி மாவும் கருப்பட்டியும் சேர்த்துப் பனங்குருத்தோலையில் வைத்து அவிக்கும் ஓலைக் கொழுக்கட்டைக்குக் கருப்பட்டி கட்டாயம் வேண்டும். 2024இல் தீபாவளி அக்டோபர் 31, திருக்கார்த்திகை டிசம்பர் 13. இடையே ஆறு வாரம் கிடைத்தது. அப்படிப்பட்ட ஆண்டில் திருக்கார்த்திகைக்குப் பன்னிரண்டு நாள் முன்னதாக மடல் அனுப்பினால், யோசித்து ஆர்டர் போட இரண்டு மூன்று நாளும் கூரியருக்கு ஒரு வாரமும் போக, ஓரிரு நாள் கையிருப்பும் மிஞ்சும். ஆனால் 2023இல் தீபாவளி நவம்பர் 12, திருக்கார்த்திகை நவம்பர் 26. இடைவெளி இரண்டே வாரம். அத்தகைய ஆண்டில் மடல்களின் வரிசையை மாற்றிவிடுவது நல்லது. கொள்முதல் மடலைத் தீபாவளி முடிந்த மூன்றாம் நாளே அனுப்பிவிட்டு, மதிப்புரையைத் திருக்கார்த்திகைக்குப் பிறகு கேட்க வேண்டும். கொழுக்கட்டை அவித்துப் பார்த்தவர் எழுதும் மதிப்புரையில் சொல்வதற்கும் நிறைய இருக்கும்.

கொள்முதல் மடலில் என்ன சலுகை தருவது என்பதிலும் ஒரு போட்டி உண்டு. ஒரு கிலோ 600 ரூபாய், அதில் லாபம் 150 ரூபாய் என்று கொள்வோம். பதினைந்து சதவீதக் கூப்பன் கொடுத்தால் 90 ரூபாய் போய் 60 ரூபாய்தான் கையில் நிற்கும்; இரண்டு கிலோ என்றால் 120 ரூபாய். அதற்குப் பதிலாக, இரண்டு கிலோ வாங்குபவருக்குக் கொழுக்கட்டைக்கான குருத்தோலைக் கட்டு ஒன்றை இலவசமாகச் சேர்த்து, அதற்கும் பேக்கிங்குக்கும் 40 ரூபாய் செலவானாலும் 260 ரூபாய் நிற்கிறது. சென்னையில் இருக்கும் நம் ஊர்க்காரருக்கு ஓலை கிடைப்பதுதான் அரிது. கருப்பட்டியை அவர் தெருமுனைக் கடையிலும் வாங்கிக்கொள்வார். ஓலையை ஈரத்துணியில் சுற்றி அனுப்பினாலும் சில நாளில் வாடிவிடும் என்பதால், ஓரிரு நாளில் பார்சல் சேரும் ஊர்களுக்கு மட்டுமே இதை அறிவிக்க வேண்டும். டெல்லிக்கும் மும்பைக்கும் தபால் செலவில்லை என்ற சலுகையே பாதுகாப்பானது.

பலனை அளக்கும்போது, எத்தனை பேர் மடலைத் திறந்தார்கள் என்ற எண்ணை நம்ப வேண்டாம். 2021 முதல் ஆப்பிள் அஞ்சல் செயலியில் உள்ள தனியுரிமைப் பாதுகாப்பு, வாசகர் பார்க்காத மடலையும் திறந்ததாகக் காட்டக்கூடும். அந்த 300 பேரில் 60 பேரை எந்த ஒழுங்கும் பார்க்காமல் பொறுக்கி எடுத்து, அவர்களுக்கு மட்டும் கொள்முதல் மடலை அனுப்பாமல் விட்டுப் பார்க்கலாம். திருக்கார்த்திகைக்குள் அவர்களில் ஆறு பேர் தாமாகவே வாங்கி, மடல் பெற்ற 240 பேரில் 26 பேர் வாங்கியிருந்தால், மடலே போகாவிட்டாலும் அந்த 240 பேரில் சுமார் 24 பேர் வாங்கியிருப்பார்கள் என்பது தெரியவரும். இரண்டு பேர் வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம். அந்த நிலையில் அடுத்த ஆண்டு ஓலையை நிறுத்திவிட்டு, திருக்கார்த்திகைக்கு ஆர்டர் போடுவதற்கான கடைசி நாளை மட்டும் நினைவூட்டும் மடல் அனுப்பினால் போதும்.