பெட்டியில் 600 வாட், கார்டுக்குக் கிடைத்தது வேறு: ஏமாந்த கதை

கிராஃபிக்ஸ் கார்டு மாற்றப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் மூன்று வாரம் அலைந்தேன், விண்டோஸை இரண்டு முறை அழித்துப் போட்டேன், கடைசியில் குற்றவாளி பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரிலேயே உட்கார்ந்திருந்தான்.

என்னிடம் இருந்தது ரைசன் 5 3600 பிராசஸரும் ஜிடிஎக்ஸ் 1060 கார்டும். அதை எடுத்துவிட்டு ஆர்டிஎக்ஸ் 3080 போட ஆசை. 1060 அதிகபட்சம் 120 வாட் எடுக்கும், 3080 எடுப்பது 320 வாட், அதனால் பழைய 450 வாட் பவர் சப்ளை தாங்காது என்பது எனக்கே தெரியும். கார்டை விற்றவரிடம் கேட்டேன். "600 வாட் ஒன்று தர்றேன் சார், கார்டு 320, பிராசஸர் 65, கூட்டினா 385தான், இன்னும் 200க்கு மேல மிச்சம்" என்றார். 3080க்கு என்விடியாவே 750 வாட் பவர் சப்ளை போடச் சொல்கிறதே என்றேன். "அது அவங்க பாதுகாப்புக்குச் சொல்றது சார்" என்று சிரித்தார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன், என் தப்பு.

மாட்டிக் கொடுத்ததும் என் கண்ணெதிரே, கார்டை முழு வேகத்தில் ஓடவிட்டுச் சோதிக்கும் ஃபர்மார்க் என்ற மென்பொருளைப் பதினைந்து நிமிடம் ஓட்டிக் காட்டினார். ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து விளையாட ஆரம்பித்து, ஒரு பெரிய காட்சி லோட் ஆகும் நேரத்தில் டப்பென்று மொத்தமும் அணைந்தது. நீலத்திரை கிடையாது, படம் உறையவில்லை, பிளக்கைப் பிடுங்கியது போல அணைந்து, சில நொடிகள் பவர் பட்டனுக்குக் கூட அசையவில்லை. தினமும் இரண்டு மூன்று முறை இதே கதை. விற்றவரைக் கூப்பிட்டால் "டிரைவர் பிரச்சினை சார், விண்டோஸைப் புதுசா போடுங்க". போட்டேன். மறுபடியும் அணைந்தது, மறுபடியும் அதே பதில், மறுபடியும் போட்டேன்.

பிறகுதான் உட்கார்ந்து, விண்டோஸ் தன் பதிவுகளை வைத்திருக்கும் ஈவன்ட் வியூவரைத் திறந்தேன். ஒவ்வொரு அணைப்புக்கும் `Kernel-Power`, `Event ID 41` என்று ஒரு பதிவு, உள்ளே `BugcheckCode 0`. விண்டோஸ் தானாகச் செயலிழந்திருந்தால் பெரும்பாலும் அங்கே வேறு எண் இருக்கும். பூஜ்யம் என்றால் என்ன நடந்தது என்று எழுதி வைக்கக்கூட அதற்கு நேரம் கிடைக்கவில்லை. இது மட்டுமே பவர் சப்ளையைக் குற்றவாளி ஆக்கிவிடாது, ஆனால் சந்தேகம் அந்தப் பக்கம் திரும்பியது. உறுதி செய்ய, அட்மினாகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் கார்டின் வாட் வரம்பை 220க்குக் குறைத்துப் பார்த்தேன்:

```
nvidia-smi -pl 220
```

நான்கு நாள் விளையாடினேன், ஒருமுறைகூட அணையவில்லை. ரீஸ்டார்ட் செய்ததும் வரம்பு பழையபடி 320க்குப் போனது, அன்று மாலையே அணைந்தது. டிரைவர்தான் காரணமென்றால் வாட்டைக் குறைத்ததற்கு ஏன் அடங்க வேண்டும்?

பக்கவாட்டுக் கதவைக் கழற்றி, டார்ச் அடித்து ஸ்டிக்கரைப் படித்தேன். +12V என்ற கட்டத்தின் கீழ் 36A. பன்னிரண்டை முப்பத்தாறால் பெருக்கினால் 432 வாட். கிராஃபிக்ஸ் கார்டும் பிராசஸரும் தின்பது கிட்டத்தட்ட முழுவதும் இந்த 12 வோல்ட் லைனிலிருந்துதான். மீதி 150 வாட் 3.3 வோல்ட்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் சேர்த்து, அப்புறம் ஸ்டாண்ட்பைக்கும் மைனஸ் 12க்கும் கொஞ்சம் சில்லறை. எல்லாவற்றையும் கூட்டித்தான் அந்த 600. இன்றைய கம்ப்யூட்டரில் 5 வோல்ட்டில் அவ்வளவு வாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பெட்டியில் பொய் எழுதவில்லை, ஆனால் எனக்குப் பயன்படும் உண்மையையும் எழுதவில்லை.

இனி என் கணக்கு. கார்டு 320. பிராசஸருக்கு அவர் சொன்ன 65 என்பது பெயருக்கு, 3600 முழு வேகத்தில் 88 வாட் வரை எடுக்கும். போர்டு, ஃபேன், டிஸ்க் எல்லாம் ஒரு 40. ஆக 448. இருப்பதோ 432. அது மட்டுமா, 3080 வகைக் கார்டுகள் சராசரியாக 320 எடுத்தாலும், காட்சி மாறும்போது சில மில்லி நொடிகளுக்கு 450 வாட்டைத் தாண்டித் துள்ளும். அந்தத் துள்ளலைத் தாங்காமல் பவர் சப்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைத்துக்கொள்கிறது. அது கெட்டுப்போகவில்லை, தன் வேலையைத்தான் செய்தது.

அப்படியானால் ஃபர்மார்க் ஏன் தாங்கியது? அங்கேதான் நான் ஏமாந்தேன். ஃபர்மார்க் கார்டை மட்டும் சீராக ஒரே அளவில் வறுக்கும், பிராசஸர் அப்போது சும்மா இருக்கும், சுமாராக 35 வாட். போர்டு வகையறாவின் 40ஐயும் சேர்த்தால் மொத்தம் 395, வரம்புக்குள். விளையாட்டில் இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும். உங்களிடமும் யாராவது ஃபர்மார்க் ஓட்டிக் காட்டினால், நீங்கள் விளையாடும் விளையாட்டையே ஓட்டச் சொல்லுங்கள், அரை மணி நேரமாவது. வாங்கும் முன் ஸ்டிக்கரின் படத்தைக் கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் அங்கே வாங்காதீர்கள்.

இன்னொன்று. கார்டில் இரண்டு 8 பின் சாக்கெட், அவர் மாட்டியதோ ஒரே வயரில் நுனி இரண்டாகப் பிரிந்த கேபிள். ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் பவர் சப்ளையிலிருந்து தனித்தனி கேபிள் போடுவதுதான் முறை.

பவர் சப்ளையைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேட்டதற்கு, பிரித்துப் பயன்படுத்தியதைத் திரும்ப எடுக்க முடியாது என்று விற்றவர் முடித்துவிட்டார். வேறிடத்தில் 12 வோல்ட்டில் 62 ஆம்பியர், அதாவது 744 வாட் தரும் 750 வாட் பவர் சப்ளை வாங்கினேன். அணைவது அன்றோடு நின்றது. பழையதன் கேபிள்களை மட்டும் புதியதில் செருகிவிடாதீர்கள், பவர் சப்ளைப் பக்கத்துப் பின்களின் அமைப்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், போர்டே எரிந்துவிடலாம்.

சரி, முடிந்தது என்று நினைத்தால் அடுத்தது வெப்பம். இருபது நிமிடத்தில் ஃபிரேம் குறைய ஆரம்பித்தது, ஃபேன் சத்தம் தாங்கவில்லை. கார்டின் நிலையைக் காட்டும் ஜிபியு இசட்டில் பார்த்தால் `PerfCap Reason` வரிசையில் `Thrm`, அதாவது வேகத்தைத் தடுப்பது சூடு, கார்டு 84 டிகிரி, நினைவகம் 108. இந்தக் கார்டின் நினைவகம் 110ஐத் தொட்டால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். என் கேபினெட்டின் முகப்பு முழுக்கக் கண்ணாடி, ஓரத்தில் விரல் அகலம்கூட இல்லாத பிளவு, பின்னால் ஒரே ஒரு ஃபேன். 120 வாட் கார்டுக்கு அது போதுமாக இருந்தது. அதே பெட்டிக்குள் இப்போது அதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் சூடு.

சோதனை ரொம்பச் சுலபம். பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைத்து அதே காட்சியை அதே நேரம் ஓட்டினேன். கார்டு 73, நினைவகம் 96. கதவைத் திறந்ததும் நாலைந்து டிகிரிக்கு மேல் இறங்கினால் கார்டில் கோளாறு இல்லை, காற்று உள்ளே வரவில்லை. திறந்தும் இறங்காவிட்டால்தான் கார்டின் ஹீட்சிங்கையும் பேஸ்டையும் பார்க்க வேண்டும். முதலில் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு ஃபேன் போட்டேன், மூன்று டிகிரிதான் இறங்கியது. இழுக்கக் காற்று இருந்தால்தானே ஃபேன் இழுக்கும்! கடைசியில் முகப்பில் வலை உள்ள கேபினெட்டுக்கு எல்லாவற்றையும் மாற்றினேன், முன்னால் இரண்டு 140 மில்லிமீட்டர் ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. கதவு மூடியபடியே இப்போது 74, நினைவகம் 96. அந்த 600 வாட் பவர் சப்ளை, கார்டே இல்லாத ஒரு பழைய கம்ப்யூட்டரில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கிறது.