நாமினி இல்லாத கணக்கு: தாசில்தார் சான்றா, கோர்ட் சான்றா?

இறந்தவரின் வங்கிக் கணக்கிலுள்ள பணத்தை வாங்க, நாமினி இருந்தால் வேலை சுலபம்: இறப்புச் சான்றிதழ், நாமினியின் அடையாளச் சான்று, வங்கியின் கோரிக்கைப் படிவம் ஆகிய மூன்றும் போதும். நாமினி பெயர் இல்லாத கணக்கில்தான் குடும்பம் இரண்டு வழிகளுக்கு நடுவே நிற்கிறது. ஒன்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழை வைத்து வங்கியிடம் நேரே கேட்பது. மற்றது, 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி நீதிமன்றத்தில் மனுப் போட்டு இறங்குரிமைச் சான்றிதழ் வாங்குவது.

குடும்பத்தில் சண்டை இல்லையென்றால் முதல் வழிதான் சரி. கோர்ட் வழியில் வக்கீல் செலவு உண்டு, தொகையைப் பொறுத்து நீதிமன்றக் கட்டணம் உண்டு, பத்திரிகை அறிவிப்பும் ஆட்சேபணைக்கான காத்திருப்பும் உண்டு. மாதக்கணக்கில் இழுக்கும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இறந்தவரின் சேமிப்புக் கணக்கில் ரூ.4,20,000, அதே வங்கியில் டெபாசிட் ரூ.6,00,000. மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள், இறந்தவரின் தாய் இருக்கிறார்கள். மொத்தம் ரூ.10,20,000. ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி வணிக வங்கிகளில் ரூ.15 லட்சம் வரையிலும், கூட்டுறவு வங்கிகளில் ரூ.5 லட்சம் வரையிலும் கோர்ட் சான்று கேட்காத எளிய நடைமுறை பொருந்தும். மூன்றாம் நபர் ஜாமீன் கேட்கக் கூடாது. வங்கிகள் இதை 2026 மார்ச் 31-க்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது உத்தரவு. அந்த வங்கியிலுள்ள எல்லாக் கணக்குகளையும் கூட்டித்தான் வரம்பு பார்ப்பார்கள். கணக்குக்கு ஒரு வரம்பு என்று நினைத்துவிட வேண்டாம்.

கிளை மேலாளருக்கு எழுதும் கடிதத்தில் இறந்தவர் பெயர், இறந்த தேதி, எல்லாக் கணக்கு எண்கள், பணம் யார் கணக்குக்குப் போக வேண்டும் என்பது இருந்தால் போதும். இணைக்க வேண்டியவை: வங்கியின் கோரிக்கைப் படிவம், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பணம் கேட்பவர்களின் அடையாள, முகவரிச் சான்றுகள், பின்னால் வங்கிக்கு இழப்பு வந்தால் ஈடுகட்டுவோம் என்று அவர்கள் கையெழுத்திட்ட இன்டெம்னிட்டி பாண்டு, பணம் கேட்காத மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லாக் கடிதம். பாஸ்புக்கும் டெபாசிட் ரசீதும் இருந்தால் கூடவே கொடுங்கள். பாண்டுக்கு எத்தனை ரூபாய் முத்திரைத்தாள், வாசகம் எது என்று கிளையில் கேட்ட பிறகு வாங்குங்கள். நீங்களே அடித்துக்கொண்டு போனால் பெரும்பாலும் மறுபடி எழுத வேண்டிவரும்.

இந்த வழியின் உயிர்நாடி, எல்லா வாரிசுகளின் கையெழுத்து. வாரிசுச் சான்றிதழ் யார் யார் வாரிசு என்று மட்டுமே சொல்கிறது. யாருக்கு எவ்வளவு பங்கு, யார் பணத்தை வாங்கலாம் என்று சொல்வதில்லை. அந்த வெற்றிடத்தைத்தான் ஆட்சேபணை இல்லாக் கடிதங்கள் நிரப்புகின்றன. ஒரு கையெழுத்து குறைந்தாலும் கோப்பு அப்படியே நின்றுவிடும்.

அதிகம் தவறுவது தாயின் பெயர்தான். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்த ஆணின் தாய் மனைவி, பிள்ளைகளோடு சேர்ந்து முதல் நிலை வாரிசு. தந்தை அந்தப் பட்டியலில் இல்லை. உயிரோடு இருக்கும் தாயை விட்டுவிட்டு விண்ணப்பித்தால் சான்றிதழைத் திருத்தத் திரும்பவும் தாலுகா அலுவலகம் ஏற வேண்டும். கல்யாணமாகிப் போன மகளும் வாரிசுதான். வெளிநாட்டில் இருக்கும் மகன், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற கடிதத்தை அனுப்பலாம். மைனர் வாரிசு இருந்தால் அவருக்காகப் பங்கை விட்டுக்கொடுத்து யாரும் எளிதில் கையெழுத்திட முடியாது. அந்தப் பங்கை மைனர் பெயரிலுள்ள கணக்குக்கே கேட்பது நல்லது.

இனிஷியல் வேறுபாடும் கோப்பை நிறுத்தும். பாஸ்புக்கில் ஒரு மாதிரி, இறப்புச் சான்றிதழில் வேறு மாதிரி இருந்தால், இருவரும் ஒருவரே என்ற நோட்டரி பிரமாணப் பத்திரத்தை முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

எல்லாத் தாள்களும் சேர்ந்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் வங்கி பைசல் செய்ய வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்துக்கு மேல் ஆண்டுக்கு 4 சதவீதம் சேர்த்து வட்டி தர வேண்டும். அந்த 15 நாட்கள் எப்போது தொடங்கின என்பதற்கு ஒப்புகைச் சீட்டுதான் ஆதாரம். ஆகவே தேதியும் இணைப்புப் பட்டியலும் உள்ள ஒப்புகை இல்லாமல் கவுண்டரை விட்டு நகர வேண்டாம். டெபாசிட்டை முதிர்வுக்கு முன்பே கேட்டாலும் அபராதம் கிடையாது. ஓய்வூதியம் வந்த கணக்காக இருந்தால், இறப்புக்குப் பின் வரவான ஓய்வூதியம் கழிக்கப்படும்.

அப்படியானால் கோர்ட் எப்போது? வாரிசுகளில் ஒருவர் கையெழுத்திட மறுக்கும்போது, அல்லது கணக்கின் மீது போட்டி உரிமைக் கோரிக்கை இருக்கும்போது. அந்நிலையில் வங்கி எளிய நடைமுறையில் தொகையைத் தராது. இறங்குரிமைச் சான்றிதழின் பலம் இங்கேதான்: அதை நம்பி நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்த வங்கிக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ரூ.15 லட்சத்துக்கு மேல் போனாலும் உடனே கோர்ட்டுக்கு ஓட வேண்டியதில்லை. வாரிசுச் சான்றிதழோடு ஜாமீனும் பெற்று வங்கி பைசல் செய்ய இடமுண்டு. முதலில் அதை எழுத்தில் கேளுங்கள்.