டிக் அடிப்பதா, இன்னொரு தடவை தட்டச்சு செய்வதா?

அக்கா மகளுக்குப் போன வருடம் கல்லூரி விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தது நான்தான். மேலே நிரந்தர முகவரி, கீழே தொடர்பு முகவரி, இரண்டுக்கும் நடுவில் Same as Permanent Address என்று ஒரு சின்னப் பெட்டி. அக்காவுக்கு வீடு என்றால் தென்காசி வீடு ஒன்றுதான். யோசிக்க என்ன இருக்கிறது என்று டிக் அடித்தேன். கீழே இருந்த கட்டங்கள் எல்லாம் ஒரே நொடியில் நிரம்பிவிட்டன.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், "மாமா, பின்கோடு 627811. நீங்க 118னு போட்டிருக்கீங்க" என்றாள். மேலே போய்த் திருத்தினேன். சமர்ப்பித்தேன். கல்லூரியில் இருந்து சேர்க்கைக் கடிதம் வேறு ஏதோ ஊர் அஞ்சலக முத்திரையோடு சுற்றிவிட்டு வந்து சேர்ந்தபோது, கட்டணம் கட்ட இரண்டு நாள்தான் மிச்சம். உறையில் இருந்த பின்கோடு 627118.

மேலே திருத்தியது கீழே போகவில்லை. அவ்வளவுதான் விஷயம். தபால் பிரிக்கிறவர் முதலில் பார்ப்பது அந்த ஆறு எண்களைத்தான். முதல் மூன்று எண்கள் சரியாக இருந்ததால் கடிதம் திருநெல்வேலிப் பக்கம் வரை ஒழுங்காக வந்திருக்கிறது. எந்த அஞ்சலகம் பட்டுவாடா செய்ய வேண்டும் என்று சொல்வது கடைசி மூன்று. அங்கேதான் வழி மாறிவிட்டது.

அதன் பிறகு ஒவ்வொரு படிவத்திலும் இந்தப் பெட்டியைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தேன். டிக் அடிப்பது, கையால் மறுபடி அடிப்பது இரண்டையும் வைத்துப் பார்த்தால் நான் இப்போது கையால் அடிக்கிற கட்சி. டிக் அடித்தால் நேரம் மிச்சம், கையால் அடித்தால் விரல் வலி. அதை எல்லாரும் அறிவோம். எனக்குக் கணக்கில் வருவது ஒன்றுதான்: பிறகு ஒரு திருத்தம் செய்தால் என்ன ஆகும்?

இந்தப் பெட்டி பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே இரண்டு ஜாதி. முதல் வகை ஜெராக்ஸ் எடுப்பது போல. டிக் அடிக்கிற அந்த நொடியில் மேலே என்ன இருக்கிறதோ அதை அப்படியே கீழே எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அசலைப் பிறகு திருத்தினால் ஜெராக்ஸ் மாறுமா? எனக்கு நடந்தது இதுதான். இரண்டாவது வகை கீழே எதையும் எழுதாது. 'மேலே உள்ளதைப் பார்த்துக்கொள்' என்று ஒரு குறிப்பை மட்டும் வைத்துக்கொள்ளும். மேலே மாற்றினால் கீழேயும் தானாக மாறும்.

இரண்டாவது வகைதான் நல்லது என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். பழைய வேலையில் சேர்ந்தபோது ஊர் முகவரியையே இரண்டு இடத்துக்கும் கொடுத்து டிக் அடித்திருந்தேன். அப்புறம் தாம்பரத்தில் வீடு எடுத்து, அலுவலகத் தளத்தில் மேலே இருந்த தற்போதைய முகவரியை மட்டும் மாற்றினேன். டிக் அப்படியே இருந்திருக்கிறது. நிரந்தர முகவரியும் சத்தமில்லாமல் தாம்பரத்து வாடகை வீடாகிவிட்டது. வேலையை விட்டபோது வந்த சான்றிதழில்தான் அதைப் பார்த்தேன். முதல் வகையில் போக வேண்டிய திருத்தம் போகாது. இரண்டாவது வகையில் போகக் கூடாத மாற்றம் போய்விடும்.

எந்த வகை என்று கண்டுபிடிப்பது எளிது. டிக் அடித்த பிறகு மேலே கதவு எண்ணில் ஓர் எழுத்தைக் கூட்டிப் பாருங்கள். கீழேயும் கூடினால் இரண்டாவது வகை. அசையாமல் இருந்தால் ஜெராக்ஸ். கீழே உள்ள கட்டங்கள் சாம்பல் நிறமாகிப் பூட்டிக்கொண்டால் இணைந்துதான் இருக்கிறது என்று நம்பிவிட வேண்டாம். பழைய முகவரியை எழுதி, அதன் மேல் பூட்டுப் போடுகிற படிவங்களும் உண்டு. அங்கே டிக்கை எடுத்துவிட்டு மறுபடி அடித்தால் புதிதாக நகல் எடுக்கும். அதனால்தான் டிக் அடித்தே ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு நான் சொல்வது, அதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள் என்பது. மேலே எழுத்து எழுத்தாகச் சரிபார்த்த பிறகுதான் பெட்டிப் பக்கம் போக வேண்டும்.

மாவட்டப் பட்டியலில் இன்னொரு வினோதம். மாநிலத்தைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் மாவட்டங்களின் பட்டியல் இறங்கும், மாவட்டம் தெரிந்த பிறகுதான் வட்டம். டிக் அடித்ததும் மாநிலம் வந்துவிடும். மாவட்டப் பட்டியல் இறங்குவதற்குள் நகல் முடிந்துபோயிருக்கும். இணையம் மெதுவாக இருந்தால் அந்தக் கட்டம் --Select-- என்றே நிற்கும். அது பரவாயில்லை, சமர்ப்பிக்கும்போது சிவப்பாகக் கத்தும். ஒரே ஒரு தடவை, தென்காசி இருக்க வேண்டிய இடத்தில் அரியலூர் வந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். ஆங்கில வரிசையில் தமிழ்நாட்டு மாவட்டங்களில் முதலில் இருப்பது அதுதான். இதற்கு எந்த எச்சரிக்கையும் வராது. கணினியில் பார்த்ததைத்தான் சொல்கிறேன். கைபேசிச் செயலிகளில் நான் நிரப்பியது இரண்டு மூன்றுதான்.

கையால் அடிப்பதிலும் தொல்லை இல்லாமல் இல்லை. மேலே Street என்று அடித்துவிட்டு கீழே Theru என்று அடித்தால் சரிபார்க்கிறவர் இரண்டும் ஒன்றா என்று கேட்பார். உலாவி தானாக நிரப்ப முன்வந்தால் அது இன்னொரு தலைவலி. ஆனால் இந்தத் தப்பெல்லாம் என் விரல் செய்த தப்பு. அடிக்கும்போது கண்ணுக்கு முன்னால் நடக்கிறது.

எது அசல், எது நகல் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் தற்போது வசிக்கும் முகவரிதான் முதலில். நிரந்தர முகவரியும் அதுவேதானா என்ற கேள்வி பிறகு வரும். காவல்துறை விசாரிக்க வருவது முதலாவதற்கு. ஊர் முகவரியை அங்கே போட்டுவிட்டு ஆமாம் என்றால், சென்னையில் இருக்கிற உங்களைத் தேடி ஊரில் கதவைத் தட்டுவார்கள்.

போன வாரம் அக்கா மகள் விடுதி விண்ணப்பத்தை அவளே நிரப்பிவிட்டுப் பார்க்கச் சொன்னாள். முன்னோட்டத்தில் உள்ளூர்ப் பாதுகாவலர் என்று என் பெயர். முகவரி தென்காசி. அந்தப் பகுதியிலும் அதே பெட்டி இருந்திருக்கிறது, பழக்கத்தில் டிக் அடித்திருக்கிறாள். தெருவும் பின்கோடும் மட்டும் இல்லாமல் அத்தானின் கைபேசி எண்ணும் சேர்ந்தே இறங்கி என் பெயருக்குக் கீழே நின்றது. ராத்திரி அவளுக்குக் காய்ச்சல் என்றால் விடுதியில் இருந்து போன் போவது அறுநூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு.

டிக்கை எடுத்தோம். முகவரி போனது, கைபேசி எண் மட்டும் அப்படியே நின்றது. அதை அழித்துவிட்டு மொத்தத்தையும் அடிக்க ஆரம்பித்தாள். என் தாம்பரத்து வீட்டுப் பின்கோடு 600045 என்று போட்டதும் மாவட்டத்தில் சென்னையைத் தேடிப் போனாள். "அது செங்கல்பட்டு" என்றேன். "600ல தானே மாமா ஆரம்பிக்குது?" என்று கேட்டுக்கொண்டே மாற்றினாள்.