கைமாறி வந்த வேலையைத் திருப்பிக் கொடுக்க எது நல்ல வழி: நேரில் பேசுவதா, மெயிலா, மேலாளரா?

கணக்குப் பிரிவில் அடிக்கடி நடக்கும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாதக் கடைசியில் சப்ளையர்கள் அனுப்பும் ஸ்டேட்மென்ட்டை நம் லெட்ஜரோடு ஒப்பிட்டு, எந்த பில் நம்மிடம் ஏறவில்லை, எந்தப் பணம் அவர்களிடம் வரவு வைக்கப்படவில்லை என்று பார்த்துச் சரிசெய்யும் வேலை. இதைச் செய்துவந்த சக ஊழியர் இரண்டு வார விடுப்பில் போகும்போது, “இந்த ஒரு மாசம் மட்டும் பாத்துக்கோங்க” என்று உங்களிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். திரும்பி வந்தவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அடுத்த மாதமும் ஸ்டேட்மென்ட்டுகள் உங்களுக்கே வருகின்றன. மூன்றாவது மாதம் மேலாளர், “சப்ளையர் கணக்கு முடிஞ்சுதா?” என்று கேட்பது உங்களைத்தான். ஒருவரும் தீர்மானிக்காமலே வேலை உங்களுடையதாகிவிட்டது.

இதைத் திருப்பிக் கொடுக்க நான்கு வழிகள் உண்டு. அவற்றை ஒப்பிடுவதற்கு முன், வேலை எந்தப் பாதையில் உங்களிடம் வந்துகொண்டிருக்கிறது என்று ஒரு பத்து நிமிடம் பார்த்துவிடுவது நல்லது. விடுப்பில் போகும்போது அவர் தன் மெயில் பெட்டியில் ஒரு ஃபார்வர்டு விதி போட்டிருக்கலாம். திரும்பி வந்து அதை அணைக்க மறந்திருக்கலாம். “நான் விடுப்பில் இருக்கிறேன், இன்னாரைத் தொடர்புகொள்ளுங்கள்” என்ற தானியங்கிப் பதிலைப் பார்த்த சப்ளையர்கள் உங்கள் முகவரியைத் தங்கள் பட்டியலில் சேர்த்திருப்பார்கள். மாத இறுதி வேலைப் பட்டியல் என்று ஒரு எக்செல் கோப்பு எல்லா இடத்திலும் இருக்கும். அதில் பொறுப்பாளர் பெயர் மாற்றப்பட்டு அப்படியே நின்றிருக்கலாம். இந்த மூன்றில் ஏதாவது ஒன்று இருந்தால், அவர் நினைத்துக்கூடப் பார்க்காமலே வேலை உங்களிடம் வந்து விழுகிறது என்று அர்த்தம். அவரே ஒவ்வொரு மெயிலாக உங்களுக்குத் தள்ளிக்கொண்டிருந்தால் கதை வேறு. முதல் வகைக்கு ஒரு வழி போதும். இரண்டாவதற்கு இரண்டு வழிகளைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

சொல்லாமலே விட்டுவிடுவது

இதைத் தைரியமான வழி என்று நினைப்பவர்கள் உண்டு. “அது என் வேலையே இல்லை, செய்யாமல் விட்டால் தானாக அவரிடம் போகும்” என்ற கணக்கு. போகாது. மூன்று மாதமாகச் செய்தவர் நீங்கள். நான்காவது மாதம் நின்றால் அது உங்கள் தவறாகத்தான் பதிவாகும். இடையில் ஒரு பில்லுக்கு இரண்டு முறை பணம் போய்விட்டால், அந்த மாதம் யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்பதற்கு விளக்கம் உங்களிடம்தான் கேட்கப்படும். இந்த வழியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

நேரில் பேசுவது

உறவைக் கெடுக்காத வழி இதுதான். உண்மையிலேயே மறந்துபோனவராக இருந்தால் ஒரே பேச்சில் முடிந்துவிடும். ஆனால் நாம் வழக்கமாகக் கேட்கும் விதம்தான் காரியத்தைக் கெடுக்கிறது. “உங்களுக்கு டைம் கிடைச்சா அந்த சப்ளையர் கணக்கைக் கொஞ்சம் பாருங்களேன்” என்று ஆரம்பித்தால், அவர் செய்வதைக் கூடுதல் உதவியாக மாற்றிவிட்டோம். பதிலுக்கு “சரி, பாக்குறேன்” வரும். அதில் தேதி கிடையாது, வேலையும் நகராது.

கேட்க வேண்டியது இப்படி இருக்கலாம்: “நீங்க லீவுல போறப்ப சப்ளையர் கணக்கை என்கிட்ட குடுத்துட்டுப் போனீங்களே, இந்த மாசத்தோடது முடிச்சிட்டேன். அடுத்த மாசத்திலேர்ந்து நீங்க எடுத்துக்கணும். இன்னும் மூணு பில் தீராம இருக்கு, அதோட லிஸ்ட்டை இன்னைக்கே அனுப்பிடுறேன்.” வேலை யாருடையது, எப்போதிலிருந்து, மிச்சம் என்ன என்ற மூன்றும் இதில் வந்துவிடுகின்றன. புகார் ஒன்றுமில்லை. உங்களுக்கு வேலை அதிகம் என்று காரணம் சொல்வதையும் தவிர்த்திருக்கிறோம். அதைச் சொன்னால் யாருக்கு வேலை அதிகம் என்ற விவாதமாகிவிடும். அதில் ஜெயித்தவர் யாரும் இல்லை.

பதில்கள் பெரும்பாலும் மூன்று வகை. “நீங்க பண்றதே நல்லா இருக்கே” என்றால் அது பாராட்டு மாதிரி வந்த மறுப்பு. சிரித்துக்கொண்டே, “எப்படிப் பண்ணினேன்னு எழுதி வச்சிருக்கேன், அதையும் சேர்த்துத் தர்றேன்” என்று தேதிக்குத் திரும்பிவிடலாம். “எனக்கு இப்ப மூச்சுவிட நேரமில்ல” என்றால், ஒரே ஒரு மாதம் தள்ளிக்கொடுக்கலாம், ஆனால் எந்த மாதம் என்று பெயர் சொல்லி. மூன்றாவது பதில்தான் கவனிக்க வேண்டியது: “மேனேஜர்தான் உங்ககிட்டயே இருக்கட்டும்னு சொன்னார்.” அப்படியானால் பேச்சை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். சில சமயம் அது உண்மையாகவே இருக்கும். உங்களிடம் மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இப்போது கேட்க வேண்டியது சக ஊழியரிடம் அல்ல, மேலாளரிடம்.

நேரில் பேசுவதன் பலவீனம் ஒன்றுதான்: சாட்சி இல்லை. இரண்டு வாரம் கழித்து இருவருக்கும் நினைவிருப்பது வேறுவேறாக இருக்கும்.

எழுதி அனுப்புவது

மெயிலில் தேதி நிற்கும், பட்டியல் நிற்கும். ஆனால் முன்னறிவிப்பில்லாமல் வரும் மெயில், எவ்வளவு பணிவாக எழுதினாலும், குற்றப்பத்திரிகை மாதிரிதான் படிக்கப்படும். அதிலும் மேலாளரை சிசியில் வைத்து முதல் மெயிலையே அனுப்பினால், வேலை திரும்பிப் போகலாம். கூடவே அவர் உங்களோடு பேசுவதும் போய்விடும். பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் இந்த விலை கொடுப்பதற்கு ஒரு மாதக் கணக்கு தகுதியானதல்ல என்பது என் எண்ணம்.

அதனால் எழுத்தை முதல் அடியாக வைக்காமல், பேச்சுக்குப் பின்னால் வைப்பதே மேல். அன்று மாலையே, அவருக்கு மட்டும், நாலு வரி: “காலையில் பேசியபடி, அடுத்த மாத சப்ளையர் கணக்கிலிருந்து நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள். தீராத பில்களின் பட்டியல் இணைப்பில். உங்கள் மெயிலில் இருக்கும் ஃபார்வர்டை எடுத்துவிடுங்கள். சப்ளையர்களுக்கு நான் தகவல் அனுப்பிவிடுகிறேன்.” இது கோரிக்கை அல்ல, பேசியதன் பதிவு. மறுப்பு இருந்தால் அவர்தான் எழுத வேண்டும்.

அந்தப் பட்டியலைக் கொஞ்சம் சிரத்தையோடு தயாரிக்க வேண்டும், ஏனென்றால் பாதியில் நிற்கும் விவகாரங்கள்தான் வேலையை உங்களிடமே ஒட்டவைக்கும் பசை. சப்ளையர் பெயர், பில் எண், தொகை, ஏன் பொருந்தவில்லை, பந்து யாரிடம் இருக்கிறது, கடைசி மெயில் எந்தத் தேதி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. உதாரணமாக ஒரு பில்லில் பொருள் குறைவாக வந்தது, சப்ளையர் கிரெடிட் நோட் தருவதாகச் சொல்லியிருக்கிறார், இன்னும் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். இதை எழுதாமல் கொடுத்தால், “இது உங்க காலத்து பில்தானே, நீங்களே முடிச்சிருங்க” என்று அந்த ஒரு பில் திரும்பி வரும், அதன் பின்னால் மற்றவையும் வரும்.

எப்போது கொடுப்பது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். மாதக் கணக்கை மூடிய மறுநாள் சரியான நேரம். மாத இறுதி நெருக்கடிக்கு நடுவே கொடுத்தால், பாதி ஸ்டேட்மென்ட் நீங்கள் பார்த்தது, பாதி அவர் பார்த்தது என்று ஆகி, தவறு எங்கே நடந்தது என்று யாருக்கும் தெரியாது. அவர் மறுப்பதற்கும் நியாயமான காரணம் கிடைத்துவிடும்.

மேலாளர் வழியாக

இதை முதலில் செய்தால் கோள்மூட்டலாகவும், மூன்றாவதாகச் செய்தால் நியாயமாகவும் தெரியும். பேசியும் எழுதியும் அடுத்த மாதமும் ஸ்டேட்மென்ட்டுகள் உங்களிடமே வந்தால் போகலாம். அப்போதும் அவரைப் பற்றிப் பேசாமல், “சப்ளையர் கணக்கு இனி யாருடைய பொறுப்பு? பட்டியலில் பெயரை அதற்கேற்ப மாற்ற வேண்டும்” என்று மட்டும் கேட்பது நல்லது.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. மேலாளருக்கு வேண்டியது வேலை நடப்பது; அது உங்களிடம் சிக்கலில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. “இருந்துட்டுப் போகட்டுமே” என்று சொல்லிவிட்டால், இதுவரை தற்காலிகமாக இருந்தது முத்திரை குத்தப்பட்டு நிரந்தரமாகிவிடும். யார் “சரி, செய்றேன்” என்று ஒத்துக்கொள்வார்களோ அவர்களிடமே கேட்பது மனித இயல்பு. லிண்டா பாப்காக்கும் மூன்று ஆய்வாளர்களும் 2017-இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் வெளியிட்ட சோதனைகளில், பதவி உயர்வுக்கு உதவாத வேலைகளைச் செய்யும்படி ஆண்களைவிடப் பெண்களிடமே அதிகம் கேட்கப்பட்டது. கேட்டவர் ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் அப்படித்தான். அதனால் மேலாளரிடம் போகும்போது, வேலை உங்களிடமே தங்குவதானால் எதை இறக்கிவைப்பது என்ற கேள்வியையும் கையோடு கொண்டுபோக வேண்டும். “மாசத்துக்கு ஆறு மணி நேரம் ஆகுது. இது என்கிட்டயே இருக்கட்டும்னா, என்கிட்ட இருக்கிற எதை வேற யாருக்குக் குடுக்கலாம்?” என்று கேட்டால், அவர் உண்மையிலேயே யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மேலாளரிடமே முதலில் போக வேண்டிய ஒரு சந்தர்ப்பமும் உண்டு. சப்ளையர் பில்களைக் கணக்கில் ஏற்றுவதோ பணம் அனுப்புவதோ உங்கள் வேலையாக இருந்தால், அதே சப்ளையரின் ஸ்டேட்மென்ட்டையும் நீங்களே ஒப்பிடக் கூடாது. ஏற்றுபவரும் சரிபார்ப்பவரும் ஒருவராக இருந்தால் தவறும் தெரியாது, மோசடியும் தெரியாது; தணிக்கையாளர்கள் தேடிப் பிடிக்கும் ஓட்டை அது. இது இருவருக்கு இடையிலான விஷயமே அல்ல, ஆகவே தயக்கமில்லாமல் மேலே சொல்லலாம்.

எதை எடுப்பது

சம அந்தஸ்தில் இருப்பவர் என்றால், பேச்சும் அன்று மாலை மெயிலும் சேர்ந்ததைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். உங்களைவிட மூத்தவர் என்றால் பேச்சில் “நீங்க எடுத்துக்கணும்” என்பதை “எப்போ திருப்பித் தரட்டும் சார்?” என்று கேள்வியாக மாற்றலாம், தேதி மட்டும் வாங்காமல் எழுந்து வரக் கூடாது.

வேலை போய்விட்டதா என்பதை அவருடைய சம்மதத்தை வைத்துச் சொல்ல முடியாது. அடுத்த மாதம் முதல் ஸ்டேட்மென்ட் யாருடைய பெட்டியில் விழுகிறது என்று பாருங்கள். உங்களிடம் வந்தால், திறந்து பார்க்காமல் அவருக்கு அனுப்பி, சப்ளையருக்கும் “இனி இவருக்கு அனுப்புங்கள்” என்று அதே மெயிலில் சொல்லிவிடுங்கள். “சும்மா ஒரு டவுட்” என்று அவர் வந்தால், பதில் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று காட்டலாம். கோப்பைத் திறந்து நீங்களே முடித்துக்கொடுத்தால், அடுத்த டவுட் நாளைக்கே வரும்.