டெக்னிக்கல் பிட்: வழக்கமான வடிவமா, மதிப்பெண் அட்டவணை வரிசையா?

அரசுத் துறைகள் ஆலோசனைப் பணிக்கு, தரத்தையும் விலையையும் சேர்த்து மதிப்பெண் போடும் க்யூ.சி.பி.எஸ். முறையில் டெண்டர் கேட்கும்போது, டெக்னிக்கல் பிட்டை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, நிறுவன அறிமுகம், அணுகுமுறை, குழு என்று எப்போதும் கைவசம் இருக்கும் வடிவம். மற்றது, டெண்டர் ஆவணமான ஆர்.எஃப்.பி.யில் உள்ள மதிப்பெண் அட்டவணையையே பொருளடக்கமாக வைத்து எழுதுவது. முதல் வடிவம் படிக்கச் சுகமாக இருக்கும், 2 நாளில் முடிந்துவிடும். ஆனாலும் என் தேர்வு இரண்டாவதுதான்.

காரணம் விலை. தொழில்நுட்பத்துக்கு 70, விலைக்கு 30 என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிறுவனம் 80 மதிப்பெண் வாங்கி, எல்லோரையும்விடக் குறைவாக 1 கோடி ரூபாய் கேட்கிறது. அதன் கூட்டு மதிப்பெண் 56 + 30 = 86. இன்னொன்று 90 வாங்கி 1.10 கோடி கேட்கிறது. மிகக் குறைந்த விலையை அதன் விலையால் வகுத்து 30-ஆல் பெருக்கினால் விலைக்கு 27.27 வரும். 63 + 27.27 = 90.27. வேலை இரண்டாவது நிறுவனத்துக்குத்தான். அது 1.30 கோடி கேட்டிருந்தாலும் மயிரிழையில் ஜெயித்திருக்கும். எழுத்தில் விட்ட 10 மதிப்பெண்ணை விலையைக் குறைத்துப் பிடிப்பது அவ்வளவு கடினம்.

அந்த 10 எங்கே போகிறது? “கடந்த 5 ஆண்டுகளில் முடித்த ஒத்த பணிகள், ஒன்றுக்கு 5 மதிப்பெண், அதிகபட்சம் 20” என்று அட்டவணையில் இருக்கிறது என்போம். வழக்கமான வடிவத்தில் “20-க்கும் மேற்பட்ட திட்டங்களைச் செய்துள்ளோம்” என்று ஒரு பத்தி வரும். சான்றுகள் பின்னிணைப்பில் கலந்து கிடக்கும். மதிப்பீட்டுக் குழு கண்ணில் பட்ட சான்றுக்குத்தான் மதிப்பெண் போட முடியும். அட்டவணை வரிசையில் அதே தலைப்பின் கீழ் 4 பணிகள் மட்டும் இருக்கும்: பணி ஆணை எண், தொகை, முடிந்த தேதி, நிறைவுச் சான்று உள்ள பக்கம். கடைசி வரியில், கோரும் மதிப்பெண் 20 என்று எழுதிவிடலாம். பணி ஆணை மட்டும் இருந்து நிறைவுச் சான்று இல்லாத வேலையை அந்த நான்கில் சேர்க்காதீர்கள். 5 ஆண்டு எந்தத் தேதியிலிருந்து என்று ஆர்.எஃப்.பி.யில் தெளிவில்லை என்றால் முன்-ஏலக் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்.

இந்த முறை சறுக்கும் இடமும் உண்டு. கடைசி நேரத்தில் ஒரு சான்றைச் செருகினால் பக்க எண்கள் எல்லாம் நகர்ந்துவிடும். அதனால் பி.டி.எஃப். ஒன்றாகச் சேர்ந்த பிறகே எண் போட்டு, அட்டவணையில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் திறந்து பார்க்க வேண்டும். திருத்த அறிவிப்பு வந்தால் மதிப்பெண் பங்கீடே மாறியிருக்கலாம். பழைய அட்டவணையில் எழுதிய பிட் அப்படியே வீணாகும்.

அணுகுமுறைப் பகுதி மட்டும் வேறு. ஆர்.எஃப்.பி.யின் சொற்களையே திருப்பி எழுதினால் அங்கே மதிப்பெண் ஏறாது. எந்த வாரம், யார், என்ன ஒப்படைப்பார் என்று எழுத வேண்டும். மதிப்பெண் பங்கீட்டை வெளியிடாத தனியார் நிறுவனங்களின் ஆர்.எஃப்.பி.க்கு இதே பரிந்துரையை இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். அங்கே வழக்கமான வடிவமே பொருந்தக்கூடும்.